நூறு நூறாகக் கிரஞ்ச் எடுத்தும் வயிற்றுக் கொழுப்பு மட்டும் ஏன் கரைவதில்லை?

மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் மட்டும் தரையிலிருந்து தூக்கும் வயிற்றுப் பயிற்சிதான் கிரஞ்ச். 'தினமும் 300 கிரஞ்ச், ஒரே மாதத்தில் தட்டையான வயிறு' என்று சொல்லும் வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. அதை நம்பிச் செய்தவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். முதல் நாள் இருபது எடுக்கவே திணறியவர் மாதக் கடைசியில் நூறைத் தாண்டிவிடுகிறார். வயிற்றை இறுக்கித் தொட்டால் உள்ளே தசை கட்டியாக இருக்கிறது. ஆனால் அதன் மேல் விரலால் பிடிக்க முடிகிற மடிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. பயிற்சி வேலை செய்யவில்லையா? செய்திருக்கிறது. தசைக்கு என்ன செய்ய முடியுமோ அதை முழுதாகவே செய்திருக்கிறது. கொழுப்பு வேறு வழியில் கையாளப்படுகிற சரக்கு, அவ்வளவுதான்.

உடலின் ஒரு பகுதிக்குப் பயிற்சி கொடுத்து அந்தப் பகுதியின் கொழுப்பை மட்டும் குறைக்கலாம் என்ற நம்பிக்கையை உடற்பயிற்சி உலகில் 'ஸ்பாட் ரிடக்‌ஷன்' என்பார்கள். அது ஏன் நடப்பதில்லை என்பதற்கு முதலில் வயிற்றின் அடுக்குகளைப் பார்க்க வேண்டும்.

## வயிற்றில் எது எங்கே இருக்கிறது

வெளியிலிருந்து உள்ளே போனால் முதலில் தோல். அதற்குக் கீழே தோலடிக் கொழுப்பு. விரலால் பிடிக்க முடிவது இதைத்தான். அடுத்து, தசைகளைப் போர்த்தியிருக்கும் உறுதியான நார் உறை. அதற்குள் வயிற்றுச் சுவரின் தசைகள். தசைச் சுவரையும் தாண்டி உள்ளே, குடலையும் மற்ற உறுப்புகளையும் சுற்றி இன்னொரு கொழுப்பு இருக்கிறது. அதன் பெயர் உள்ளுறுப்புக் கொழுப்பு. இதை விரலால் பிடிக்க முடியாது. தொப்பை பெரிதாகவும், அதே சமயம் தொட்டால் இறுக்கமாகவும் இருந்தால், அந்தப் பருமனில் பெரும் பங்கு இந்த உள்கொழுப்புக்கு இருக்கலாம்.

கிரஞ்சில் அதிகம் உழைப்பது நடுவில் செங்குத்தாக ஓடும் நேர்த்தசை. இடுப்பெலும்பின் முன்பகுதியிலிருந்து கிளம்பி, நெஞ்செலும்பின் கீழ் முனையிலும் அதையொட்டிய விலா எலும்புகளின் குருத்தெலும்பிலும் போய்ச் சேர்கிறது. இந்தத் தசையின் குறுக்கே ஓடும் தசைநார்ப் பட்டைகள்தான் அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து 'சிக்ஸ் பேக்' ஆகக் காட்டுகின்றன. கட்டங்கள் எல்லோருக்கும் பிறவியிலேயே இருக்கின்றன. மேலே இருக்கும் கொழுப்பின் தடிமன்தான் அவை தெரியுமா தெரியாதா என்பதை முடிவு செய்கிறது.

தசையும் கொழுப்பும் ஒன்றன் மேல் ஒன்றாக, நெருக்கமாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் கொழுப்புச் செல்லிலிருந்து அடியில் இருக்கும் தசைநாருக்கு நேரடிக் குழாய் எதுவும் கிடையாது. எது போவதானாலும் ரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

## தசை மட்டும் ஏன் பயிற்சி கொடுத்த இடத்திலேயே வலுக்கிறது

பளு விழும் இடமும், அதற்குப் பதில் தரும் இடமும் தசையைப் பொறுத்தவரை ஒன்றேதான். தோள்களைத் தரையிலிருந்து தூக்கும்போது நேர்த்தசையின் நார்கள் இழுவிசையைத் தாங்குகின்றன. அந்த இழுவிசையை அந்த நார்களே உணர்கின்றன. புதிய புரதம் கட்டும் வேலையும் அவற்றுக்குள்ளேயே முடுக்கிவிடப்படுகிறது. தொடைத் தசைக்கு இந்தச் செய்தி போவதில்லை, போக வேண்டிய அவசியமும் இல்லை.

முதல் சில வாரங்களில் கூடும் வலிமையின் பெரும் பகுதி நரம்பிலிருந்து வருவது. ஒரே நேரத்தில் அதிக நார்களை இயக்கவும், தேவையில்லாத தசைகளைத் தளர்த்தவும் மூளையும் தண்டுவடமும் பழகிக்கொள்கின்றன. தசை தடிப்பது அதற்குப் பிறகு மெல்ல நடக்கும். இருபதிலிருந்து நூறுக்குப் போனவருக்கு இன்னொன்றும் நடந்திருக்கும். ஒரே பளுவை மீண்டும் மீண்டும் தூக்குவதால் தசையின் தாக்குப்பிடிக்கும் திறன், அதாவது சோராமல் உழைக்கும் காலம், கூடியிருக்கும். மடிப்பு குறையாததை வைத்து இதெல்லாம் பொய் என்று சொல்லிவிடக் கூடாது.

## கொழுப்பு செல்லை விட்டு வெளியேறும் வழி

கொழுப்புச் செல்லுக்குள் கொழுப்பு இருப்பது ட்ரைகிளிசரைடு என்ற வடிவில். ஒரு கிளிசரால் மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்திருக்கும் அமைப்பு அது. அப்படியே முழுதாகச் செல்லின் சுவரைத் தாண்டி வர அதனால் முடியாது. உடைத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். அது நடக்கும் விதம் இது:

1. உடல் உழைக்கத் தொடங்கியதும் அட்ரினலினும் நார்அட்ரினலினும் கூடுகின்றன. அட்ரினலின் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் எல்லா இடத்துக்கும் போவதால், இந்த அழைப்பும் உடல் முழுக்க இருக்கும் கொழுப்புச் செல்களுக்குப் போகிறது. வயிற்றுக்கு மட்டும் தனியாக அழைப்பு வைக்க வழியில்லை.

2. கொழுப்புச் செல்லின் மேற்பரப்பில் இந்த ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. பீட்டா வகை ஏற்பியில் பிடித்தால் கொழுப்பு உடைவது வேகமாகும். ஆல்ஃபா-2 வகையில் பிடித்தால் அது தடுக்கப்படும். எந்த இடத்துச் செல்லில் எந்த வகை அதிகம் என்பது ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும்.

3. செல்லுக்குள் நொதிகள் ட்ரைகிளிசரைடைப் படிப்படியாக உடைக்கின்றன. மூன்று கொழுப்பு அமிலங்களும் ஒரு கிளிசராலும் பிரிந்து வருகின்றன. ரத்தத்தில் இன்சுலின் உயர்ந்திருந்தால் இந்த வேலை அடங்கிவிடும்.

4. வெளிவந்த கொழுப்பு அமிலம் தனியாக ரத்தத்தில் கரையாது. ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தில் தொற்றிக்கொண்டு போகிறது.

5. எந்தத் தசைக்கு, எந்த உறுப்புக்குத் தேவையோ அது ரத்தத்திலிருந்து அதை எடுத்துக்கொண்டு, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுபோய் எரிக்கிறது. கடைசியில் மிஞ்சுவது கார்பன் டை ஆக்ஸைடும் நீரும். குறைந்த கொழுப்பின் எடையில் பெரும் பகுதி மூச்சுக்காற்றாகத்தான் உடலை விட்டுப் போகிறது. பலரும் நினைப்பதுபோல வியர்வையாக அல்ல.

நான்காவது படியில் கொஞ்சம் நிற்கலாம், விஷயமே அங்கேதான் இருக்கிறது. தொப்புளுக்குக் கீழே இருக்கும் தோலடிக் கொழுப்பிலிருந்து கிளம்பும் ரத்தம், தோலை ஒட்டிய சிரைகள் வழியாகத் தொடையிடுக்குக்கு இறங்கி அங்கே பெரிய சிரையில் சேர்கிறது. தொப்புளுக்கு மேலிருந்து வருவது பெரும்பாலும் அக்குள் பக்கமாக ஏறுகிறது. இரண்டுமே இதயத்துக்குப் போய், நுரையீரலைச் சுற்றிவிட்டு, மறுபடி இதயத்துக்கு வந்து, அதன் பிறகுதான் தமனிகளில் பிரிகின்றன. வயிற்று நேர்த்தசைக்கு ரத்தம் கொண்டுவருவது மேலிருந்து ஒரு தமனியும் கீழிருந்து ஒரு தமனியும். அவற்றில் வருவது உடலின் எல்லாக் கொழுப்பிலிருந்தும் வந்து கலந்துவிட்ட ரத்தம். ஒரு சென்டிமீட்டர் மேலே இருக்கும் கொழுப்புச் செல்லிலிருந்து வந்த அமிலமா, முதுகிலிருந்து வந்ததா என்று தசைக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை.

வீட்டில் எந்தக் குழாயைத் திறந்தாலும் மொட்டைமாடித் தொட்டியில்தான் மட்டம் இறங்கும், குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் இறங்காது. இங்கே நடப்பதும் அதுதான், ஒரே தொட்டிக்குப் பதில் பல தொட்டிகள் இணைந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் தன் வேகத்தில் வடியும் என்பதைத் தவிர.

## உடைவது வேறு, எரிவது வேறு, குறைவது வேறு

'ஃபேட் பர்னிங்' என்ற ஒற்றைச் சொல் மூன்று தனித்தனி நிகழ்வுகளை ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. செல்லுக்குள் ட்ரைகிளிசரைடு உடைவது முதலாவது. உடைந்து வந்தது எங்காவது எரிவது இரண்டாவது. ஒரு நாள், ஒரு வாரம் என்று கணக்குப் பார்க்கும்போது சேர்ந்ததைவிட எரிந்தது கூடுதலாக இருப்பது மூன்றாவது.

உடைந்ததெல்லாம் எரிந்துவிடுவதில்லை. பயன்படாத கொழுப்பு அமிலங்கள் மீண்டும் கொழுப்புச் செல்லிலோ கல்லீரலிலோ ட்ரைகிளிசரைடாகக் கோக்கப்படுகின்றன. எரிந்துவிட்டாலும் கதை முடியவில்லை. காலையில் எரிந்த அளவுக்கு மாலைச் சாப்பாட்டிலிருந்து புதிதாகச் சேர்ந்துவிட்டால் நிகரம் பூஜ்யம். புதிதாகச் சேர்வது எந்த இடத்தில் சேர வேண்டும் என்பதையும் கிரஞ்ச் தீர்மானிப்பதில்லை. மடிப்பின் தடிமன் குறைய இந்த மூன்றும் நடந்தாக வேண்டும். அதிலும் மூன்றாவது, முழு உடலின் வரவு செலவைச் சார்ந்தது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிரஞ்ச் எடுக்கும்போது வயிற்றுத் தசை எரிப்பதில் கொழுப்பின் பங்கே குறைவு. இறுகிச் சுருங்கும் தசை தன் ரத்த நாளங்களைத் தானே நெருக்கும். சுருக்கம் வேகமாகவும் தொடர்ச்சியாகவும் இருந்தால், தசை தனக்குள் சேமித்து வைத்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டையும் கிளைக்கோஜனையும்தான் முதலில் செலவழிக்கும். கிளைக்கோஜன் என்பது தசையில் அடுக்கி வைத்த சர்க்கரை. நாற்பது ஐம்பது தாண்டியதும் வயிற்றில் ஓர் எரிச்சல் கிளம்புமே, அது கொழுப்பு எரிவதன் அடையாளம் அல்ல. சர்க்கரை வேகமாகச் சிதையும்போது தசையில் அமிலத்தன்மையும் பிற கழிவுப் பொருள்களும் கூடுவதால் நரம்பு முனைகள் தூண்டப்பட்டு வரும் எரிச்சல் அது. கெண்டைக்கால் தசைக்குத் தொடர்ந்து வேலை கொடுத்தாலும் அதே எரிச்சல்தான் வரும்.

## 300 கிரஞ்சின் கலோரிக் கணக்கு

ஒருவரின் எடை 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 20 வீதம் 300 கிரஞ்ச் எடுக்க 15 நிமிடம் ஆகும். இடையில் ஓய்வே எடுக்காத ஆள் என்றும் வைத்துக்கொள்வோம், கணக்கு அவருக்குச் சாதகமாகவே இருக்கட்டும்.

உடல் உழைப்புகளின் ஆற்றல் செலவை ஓய்வு நிலையோடு ஒப்பிட்டு அளக்கும் அலகு 'மெட்'. சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட், அதாவது ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் சுமார் 1 கிலோகலோரி. லேசான உழைப்பாக எடுக்கும் கிரஞ்சுக்கு 2.8 மெட் அளவில் கணக்கிடுவது வழக்கம்.

1. மொத்தச் செலவு: 2.8 × 70 × கால் மணி நேரம் = 49 கிலோகலோரி.

2. அந்தக் கால் மணி நேரம் சும்மா இருந்திருந்தாலும் 17.5 கிலோகலோரி செலவாகியிருக்கும். அதைக் கழித்தால் கிரஞ்சால் கூடுதலாகப் போனது சுமார் 31 கிலோகலோரி.

3. ஒரு கிலோ உடல் கொழுப்புத் திசுவில் அடங்கியிருப்பது ஏறத்தாழ 7,700 கிலோகலோரி. அப்படியானால் 31 கிலோகலோரிக்கு ஈடான கொழுப்பு 4 கிராம்.

4. ஒரு கிலோ போக, சாப்பாட்டில் ஒரு கவளம்கூடக் கூடாமல், 240 நாளுக்கு மேல் தினமும் 300 எடுக்க வேண்டும்.

இந்த நான்கு கிராமும் வயிற்றிலிருந்து மட்டும் போகாது. முகம், கை, முதுகு, தொடை, உள்ளுறுப்பு எல்லாமாகப் பங்கு போட்டுக்கொண்டு கொடுக்கும். வயிற்றுத் தோலடிக் கொழுப்பின் பங்கு அதில் ஒரு சிறு பகுதிதான். அதே 70 கிலோ ஆள் அதே கால் மணி நேரம் வேகமாக நடந்தால்கூட இதைவிட அதிகம் செலவாகும், ஏனென்றால் காலிலும் இடுப்பிலும் இருக்கும் பெரிய தசைகள் முழு உடல் எடையையும் நகர்த்த வேண்டியிருக்கிறது. வயிற்று நேர்த்தசை மெல்லிய, சிறிய தசை. கிரஞ்சில் அது தூக்குவது தலையையும் தோளையும் மட்டும், அதுவும் சில அங்குல உயரத்துக்கு. எரிச்சல் அதிகம், செலவு குறைவு என்பது கிரஞ்சின் ஒரு வேடிக்கை.

## ஊசி போட்டுப் பார்த்த ஆய்வு

இதெல்லாம் தர்க்கம்தானே, யாராவது அளந்து பார்த்தார்களா என்று கேட்கலாம். பார்த்திருக்கிறார்கள். 1984இல் ஃபிராங்க் கேட்ச் என்ற அமெரிக்க உடற்பயிற்சி ஆய்வாளரும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் நேரடியானது. 13 ஆண்கள் 27 நாள்களில் ஆளுக்கு மொத்தம் 5,004 சிட்-அப் எடுத்தார்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் அவர்களின் வயிறு, தோள்பட்டைக்குக் கீழ், பிட்டம் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் ஊசி மூலம் கொழுப்புச் செல்களை எடுத்து, செல்லின் பருமனை அளந்தார்கள்.

டேப்பை வைத்துச் சுற்றளவை அளப்பதைவிட இது எவ்வளவோ நுட்பமானது. வயிற்றுக் கொழுப்பைத் தசை தனியாக இழுத்திருந்தால் வயிற்றுச் செல்கள் மட்டும் அதிகம் சுருங்கியிருக்க வேண்டும். செல்கள் சுருங்கியது உண்மை. ஆனால் மூன்று இடத்திலும் ஒரே மாதிரிதான் சுருங்கியிருந்தன. சிட்-அப்பில் வேலையே செய்யாத தோள்பட்டைக்குக் கீழ் இருக்கும் கொழுப்பும், வயிற்றுக் கொழுப்பும் சம பங்கு கொடுத்திருந்தன. உடல் எடையிலும் மொத்தக் கொழுப்பிலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஐயாயிரம் சிட்-அப்புக்குப் பிறகு!

2011இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில் ஆண்களும் பெண்களுமாக 24 பேர். ஒரு பகுதியினர் ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் ஏழு வகை வயிற்றுப் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் செய்யவில்லை. சாப்பாட்டின் அளவை மாற்றவில்லை. முடிவில் வயிற்றுக் கொழுப்பிலும் இடுப்புச் சுற்றளவிலும் இரு தரப்புக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. ஆனால் பயிற்சி செய்தவர்கள் நிற்காமல் எடுக்க முடிந்த, கிரஞ்ச் போன்ற கர்ல்-அப் எண்ணிக்கை தெளிவாகக் கூடியிருந்தது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன குழப்பத்தின் இரண்டு பக்கமும் இந்த ஒரே ஆய்வில் பதிவாகியிருக்கிறது.

டென்னிஸ் ஆட்டக்காரர்களை வைத்துப் பார்த்தது 1971இல். ஒரே கையால் ஆண்டுக்கணக்கில் ஆடுபவர்களின் அந்தக் கை மறு கையைவிடப் பருத்திருக்கும். இரண்டு கையும் ஒரே ஆளுடையவை என்பதால் சாப்பாடு, ஹார்மோன், மரபணு எல்லாம் இரண்டுக்கும் பொது. தானாகவே அமைந்துவிட்ட நல்ல சோதனை இது. ஆடும் கையில் கூடுதலாக இருந்தது தசை. தோலடிக் கொழுப்பின் தடிமனோ இரண்டு கையிலும் ஒன்றாகவே இருந்தது.

## எதிர்ப்பக்கம் சொல்லும் ஆய்வுகள்

ஸ்பாட் ரிடக்‌ஷன் சுத்தப் பொய் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. உழைக்கும் தசைக்குப் பக்கத்துக் கொழுப்பில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது தவறு.

2007இல் டென்மார்க் ஆய்வாளர்கள் ஒரு காலை மட்டும் உழைக்கவைத்து, தொடைக் கொழுப்பில் நுண்குழாய் செருகி அளந்தார்கள். உழைக்கும் தசையை ஒட்டிய கொழுப்பில் ரத்த ஓட்டமும் கொழுப்பு உடையும் வேகமும் ஓய்வில் இருந்த காலைவிடக் கூடுதலாக இருந்தன. தசையின் சூடு, ரத்த ஓட்டம் இவை பக்கத்துத் திசுவையும் தொடும்போது இது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் அளவைப் பாருங்கள்: 100 கிராம் கொழுப்புத் திசுவுக்கு அரை மணி நேர உழைப்பில் கூடுதலாக உடைந்தது இரண்டு மில்லிகிராம் என்ற வரிசையில்தான். ஒரு கிலோ கொழுப்பு உள்ள பகுதியில் அது 20 மில்லிகிராம். ஒரே ஒரு கிராம் கூடுதலாக உடைய 25 மணி நேரம் உழைக்க வேண்டும். அதுவும் மேலே சொன்ன மூன்றில் முதல் படி மட்டுமே. உடைந்தது ரத்தத்தில் கலந்து எங்கே எரியும், எவ்வளவு திரும்பிவந்து சேரும் என்பதை இந்த அளவு சொல்வதில்லை.

2023இல் நார்வேயிலிருந்து வந்த ஒரு சிறிய ஆய்வு இதைவிடக் கவனிக்க வேண்டியது. அதிக எடை கொண்ட 16 ஆண்களில் ஒரு பகுதியினர் ட்ரெட்மில்லில் ஓடினார்கள். மற்றவர்கள் ட்ரெட்மில்லோடு, குறைந்த பளுவில் நீண்ட நேரம் செய்யும் வயிற்றுப் பயிற்சியும் செய்தார்கள். பத்து வாரத்தில் மொத்தக் கொழுப்பு இரு பிரிவுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. ஆனால் வயிற்றுப் பயிற்சி செய்தவர்களுக்கு உடற்பகுதிக் கொழுப்பு கூடுதலாகக் குறைந்திருந்தது, சுமார் 700 கிராம். இதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அதே சமயம், இதில் 'உடற்பகுதி' என்பது நெஞ்சு, முதுகு, வயிறு, உள்ளுறுப்புக் கொழுப்பு எல்லாம் சேர்ந்த ஒரே தொகை. ஆள் எண்ணிக்கை குறைவு. பயிற்சியும் வீட்டில் வேகமாக எடுக்கும் நூறு கிரஞ்ச் போன்றதல்ல, நிமிடக்கணக்கில் நீளும் தாக்குப்பிடிப்புப் பயிற்சி. ஓட்டத்தால் ஏற்பட்ட முழு உடல் செலவும் பின்னணியில் இருந்தது. பெரிய ஆய்வுகளில் இது மீண்டும் கிடைக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் இதன் எடை.

எதிர்த்திசையிலும் ஒன்று இருக்கிறது. 2013இல் வெளியான ஆய்வில் 11 பேர் 12 வாரம், ஒரு காலுக்கு மட்டும், ஒரு அமர்வில் ஆயிரம் தடவை அளவுக்கு, காலால் பளுவைத் தள்ளும் லெக் பிரஸ் செய்தார்கள். கொழுப்பு குறைந்தது. எங்கே? கையிலும் உடற்பகுதியிலும். பயிற்சி கொடுத்த காலில் குறிப்பிடும்படி எதுவும் குறையவில்லை.

## அளவு ஏன் ஏமாற்றுகிறது

'எனக்கு வயிறு குறைந்ததே' என்பவர்கள் பொய் சொல்லவில்லை. அளக்கும் முறையில் பல ஓட்டைகள் இருக்கின்றன.

வயிற்றுத் தசைகள் பழகியதும் சும்மா நிற்கும்போதே சற்று உள்வாங்கி நிற்பது உண்டு, இடுப்பின் சாய்வும் மாறும். டேப் ஓரிரு சென்டிமீட்டர் குறைத்துக் காட்ட இதுவே போதும். முதல் வாரத்தில் சாப்பாட்டில் மாவும் உப்பும் குறைந்திருந்தால் நீர் இறங்கும், குடலில் தங்குவதும் குறையும். அதையும் கொழுப்பு என்று எண்ணிக்கொள்கிறோம். மடிப்பை இடுக்கியால் பிடித்து அளக்கும் முறையிலும் சிக்கல் உண்டு. 2007இல் நூற்றுக்கு மேற்பட்டோரின் ஒரு கைக்கு மட்டும் 12 வாரம் பளுப் பயிற்சி கொடுத்த ஓர் ஆய்வில், ஆண்களிடம் மடிப்பு அளவு அந்தக் கையில் மட்டும் கொழுப்பு குறைந்ததாகக் காட்டியது. அதே கைகளை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது அப்படி எதுவும் இல்லை. அடியில் தசை தடித்துக் கெட்டியாகும்போது, மேலே பிடிபடும் மடிப்பு மெலிந்ததாக இடுக்கிக்குத் தோன்றலாம்.

நம்பகமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு, டேப்பை அழுத்தாமல் அளக்க வேண்டும். காலையில் சாப்பிடும் முன், வாரம் ஒரு முறை போதும். கூடவே பயிற்சி கொடுக்காத ஓர் இடத்தையும், மேல்கையோ தொடையோ, அளந்து வைத்தால் விஷயம் தெளிவாகும். வயிறோடு அதுவும் குறைந்தால் உடல் முழுக்கக் கொழுப்பு இறங்குகிறது என்று பொருள். வயிறு மட்டும் ஒரே வாரத்தில் குறைந்திருந்தால் நீரையோ, நிற்கும் விதத்தையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

## எங்கிருந்து முதலில் போகும்?

செலவு வரவைத் தாண்டியதும் எந்த இடத்துக் கொழுப்பு முதலில் இறங்கும் என்பதை ஏற்பிகளின் விகிதம், ரத்த ஓட்டம், பாலின ஹார்மோன்கள், மரபணு இவை முடிவு செய்கின்றன. உள்ளுறுப்புக் கொழுப்பு அட்ரினலினுக்கு உடனே செவிசாய்க்கும் வகை. தொடர்ந்து நடப்பது, ஓடுவது போன்ற பயிற்சிகளில், எடை பெரிதாக மாறாதபோதும் அது குறைவதுண்டு. தொப்பை சுற்றளவு குறைந்தும் மடிப்பு அப்படியே இருப்பதாகச் சிலர் சொல்வதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். வயிற்றுத் தோலடிக் கொழுப்பு அதற்குப் பிறகுதான். இடுப்பு, தொடைக் கொழுப்பில், குறிப்பாகப் பெண்களுக்கு, தடுக்கும் ஆல்ஃபா-2 ஏற்பி ஓங்கியிருப்பதால் அது இன்னும் பிடிவாதம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குச் சேரும் இடம் மெல்ல வயிற்றுப் பக்கம் நகர்கிறது. இந்த வரிசையைப் பயிற்சியைத் தேர்ந்தெடுத்து மாற்ற முடிவதில்லை.

## அப்படியானால் கிரஞ்ச் எதற்கு, எவ்வளவு?

வயிற்றுத் தசைக்காக. அதற்கு நூறு நூறாக எடுக்க வேண்டியதும் இல்லை. நூறு தடவை தூக்க முடிகிறது என்றாலே அந்தப் பளு தசைக்கு லேசாகிவிட்டது என்று பொருள். அதற்கு மேல் எண்ணிக்கையைக் கூட்டினால் தாக்குப்பிடிப்புதான் வளரும், வலிமை அதே வேகத்தில் வளராது. வலிமையும் தடிமனும் வேண்டுமென்றால், 10 முதல் 20 தடவைக்குள் தசை சோர்ந்துபோகும் அளவுக்குப் பளுவைக் கூட்டி, இரண்டு மூன்று செட், வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். மார்பில் ஒரு எடைத் தட்டைப் பிடித்துக்கொள்ளலாம், கேபிள் இயந்திரத்தில் செய்யலாம், மேலே ஒரு நொடி நிறுத்தி மெதுவாக இறக்கலாம். கைகளால் தலையைப் பிடித்து இழுக்கும் பழக்கம் எண்ணிக்கையைத் துரத்துபவர்களிடம்தான் அதிகம், கழுத்து வலிக்கு அதுவே பாதிக் காரணம். முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் தட்டில் ஏற்கெனவே சிக்கல் உள்ளவர்கள் முதுகை மடக்கும் இந்த வகையை விட்டுவிட்டு, பிளாங்க் போல உடலை நேராக நிறுத்தும் பயிற்சிகளை மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டுச் செய்வது நல்லது.

இப்படி மாற்றினால் தினமும் பத்து நிமிடமாவது மிஞ்சும். அந்த நேரத்தில் பெரிய தசைகளுக்கு வேலை கொடுக்கும் எதையாவது, வேக நடையோ குந்தி எழுவதோ மாடி ஏறுவதோ, செய்தால் செலவுப் பக்கம் கூடும். வரவுப் பக்கத்தில் சாப்பாடு அதைவிடப் பெரிய நெம்புகோல்: நாளைக்கு 300 கிலோகலோரி குறைத்தால் மேலே பார்த்த 300 கிரஞ்சின் செலவைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு.